தொடையில் ஊசி, முதுகில் ஊசி

இரவு 1.40. லேபர் வார்டிலிருந்து அழைப்பு. தலைப்பிரசவம், வயது 24, முப்பத்தொன்பதாவது வாரம், கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. எபிடியூரல் வேண்டும் என்று அந்தப் பெண் பத்து நாளைக்கு முன்பே என்னிடம் வந்து பேசிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் கட்டிலருகே நின்ற அவளுடைய அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை.

"டாக்டரம்மா, முதுகுல ஊசியெல்லாம் வேண்டாம்மா. எம் மூத்தவளுக்குத் தொடையில ஒரு ஊசி போட்டாங்க, அதையே போட்டுருங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மயக்க மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. பயம்தான் இடம் மாறி நிற்கிறது. தொடையில் போடும் ஊசி சாதுவாகத் தெரிகிறது, முதுகில் போடுவது பயங்கரமாகத் தெரிகிறது. மருந்து எந்த வழியாகப் போய், எவ்வளவு குழந்தையைச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் கதை தலைகீழ்.

முதலில் தொடை ஊசி. பெத்திடின் என்பது அபின் குடும்பத்து மருந்து, செயற்கையாகச் செய்தது. 50 முதல் 100 மில்லிகிராம் வரை தசையில் போடுவார்கள். தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து, உடம்பு முழுக்கச் சுற்றி, அதில் ஒரு பங்கு மூளைக்குப் போனால்தான் வேலை செய்யும். மூளைக்குப் போகிற அதே ரத்தம் நச்சுக்கொடிக்கும் போகிறது. நச்சுக்கொடி இதைத் தடுக்காது. குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தைவிடச் சற்று அமிலத்தன்மை கூடியது என்பதால், உள்ளே போன பெத்திடின் மின்னூட்டம் பெற்று, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. குழந்தை சோர்ந்து ரத்தத்தில் அமிலம் ஏறினால் இன்னும் அதிகமாகத் தேங்கும்.

இங்கே நேரம் முக்கியம். ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிறந்துவிடும் குழந்தையிடம் மருந்து அதிகம் சேர்ந்திருக்காது. இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் பிறக்கும் குழந்தையிடம்தான் உச்சத்தில் இருக்கும். அந்தக் குழந்தை துவண்டு பிறக்கலாம், மூச்செடுக்கத் தயங்கலாம், மார்பில் போட்டால் சப்பத் தெரியாமல் தூங்கலாம். தாயின் உடம்பில் மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற மருந்து, பிறந்த குழந்தையின் உடம்பில் பாதியாக 13 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். ஈரல் அதை உடைக்கும்போது உண்டாகும் நார்பெத்திடின் என்ற பொருள் இரண்டு, மூன்று நாள்கூடத் தங்கும். "பிள்ளை ஏன் இப்படித் தூங்கிட்டே இருக்கு" என்று மறுநாள் வார்டில் கேட்கும் பாட்டிகளுக்கு, முந்தின இரவின் தொடை ஊசி நினைவுக்கு வராது.

நம் ஊரில் இப்போது பெத்திடினைவிட டிரமடால்தான் அதிகம். அதுவும் நச்சுக்கொடியைத் தாராளமாகத் தாண்டும். மூச்சை அடக்கும் குணம் பெத்திடின் அளவுக்குக் கிடையாது, அது நல்ல விஷயம். ஆனால் தாய்க்குக் குமட்டல், வாந்தி வரும், வலியும் சுமாராகத்தான் குறையும். வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கத் தயங்குவோம். தொடை ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் பலரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: வலி இருந்தது, ஆனால் எனக்கில்லாமல் வேறு யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. இரண்டு வலிகளுக்கு நடுவே கண்ணயர்வார்கள், அடுத்த வலி வந்ததும் திடுக்கிட்டு எழுவார்கள். அது வலி நீக்கம் இல்லை, ஒருவகை மயக்கநிலை.

மருந்து தாய்க்கு, விளைவு குழந்தைக்கு என்பதை முதலில் எண்ணிக்கையாக்கியவர் ஒரு மயக்க மருத்துவர் என்பதில் எனக்கு ஒரு தொழில் பெருமை உண்டு. நியூயார்க்கில் பணியாற்றிய வர்ஜீனியா ஆப்கர் 1952-ல் முன்வைத்து, 1953-ல் வெளியிட்ட மதிப்பெண் முறைதான் இன்று உலகம் முழுக்கப் பிறந்த குழந்தைக்கு ஒன்றாவது நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் போடப்படுகிறது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் சிணுங்குகிறதா என்பது, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா அதிகபட்சம் இரண்டு மதிப்பெண். தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்று அளக்க அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

மூக்கால் இழுக்கும் வாயு இன்னொரு வழி. என்டோநாக்ஸ் என்பது பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். பிரிட்டனில் லேபர் வார்டுகளில் சாதாரணமாகக் கிடைக்கும், நம்மிடம் சில இடங்களில்தான் உண்டு. நுரையீரல் வழியாக ஏறி நுரையீரல் வழியாகவே இறங்கிவிடும். குழந்தைக்குள் போனதும் முதல் சில மூச்சுகளிலேயே வெளியேறிவிடும், அதனால் அதன் பொருட்டுக் குழந்தை துவள்வது இல்லை. வலியை முழுதாக அடக்காது, தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வரும். இதில் சூட்சுமம் ஒன்றுதான். இழுக்க ஆரம்பித்து முக்கால் நிமிடம் கழித்தே வேலை செய்யும் என்பதால், வலி உச்சத்துக்கு வந்தபின் இழுத்தால் பலனில்லை. வயிறு இறுக ஆரம்பிக்கும்போதே இழுக்க வேண்டும். முகமூடியை அந்தப் பெண்ணேதான் பிடித்திருக்க வேண்டும். அளவு மீறிக் கண் சொருகினால் கை தானாகத் தளர்ந்து முகமூடி விழுந்துவிடும், அதுவே பாதுகாப்பு. பாசத்தில் கணவன் பிடித்து அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இனி முதுகு.

பிரசவ வலிக்கு இரண்டு பாதைகள். வாய் திறக்கும் கட்டத்தில், கர்ப்பப்பையிலிருந்து கிளம்பும் வலி நரம்புகள் தொப்புள் மட்டத்துத் தோலின் நரம்பும், தொடை இடுக்குத் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் நுழைகிற அதே பகுதியில் நுழைகின்றன. எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிரித்தறியத் தெரியாததால்தான் "இடுப்பு வலி" என்று பெயரே வந்தது. குழந்தை கீழிறங்கும் கட்டத்தில் பிறப்புவழி விரிவதன் வலி இன்னும் கீழே, திருவெலும்பு நரம்புகள் வழியாக ஏறுகிறது. இந்த நரம்புகள் எல்லாம் தண்டுவடத்தை நெருங்கும் இடத்தில், உறைக்கு வெளியே, கொழுப்பும் ரத்தக்குழாயும் நிறைந்த ஒரு மெல்லிய சந்து இருக்கிறது. அதற்குள் மருந்து விட்டால் வலி மூளைக்குப் போகும் வழியிலேயே நின்றுவிடும். மருந்து உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. அதனால் அளவும் குறைவு.

அந்தப் பெண்ணுக்கு ரத்தத் தட்டணுக்கள் 1,90,000. ரத்தம் உறைவதில் கோளாறு இல்லை, உறையாமலிருக்க ஊசி எதுவும் போட்டுக்கொண்டிருக்கவில்லை, முதுகுத் தோலில் புண் இல்லை. இதில் எது சரியில்லை என்றாலும் கை வைக்க யோசித்திருப்பேன். தட்டணு 70,000-க்குக் கீழே போனால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை நசுக்கும் அபாயம் இருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிகளிடம் தட்டணு எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே சரியக்கூடும்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, பூனைபோல் முதுகை வளைக்கச் சொன்னேன். தண்டுவடம் இடுப்பின் முதல் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. நான் ஊசி போடுவது மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே. அந்த அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன், பாதி பயம் அதிலேயே போனது. தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, டூயி ஊசியின் பின்னால் உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினேன். பாதியில் ஒரு வலி வந்தது. நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தேன். கடைசித் தசைநாருக்குள் ஊசி இருக்கும்போது சிரிஞ்சு அழிரப்பரை அழுத்துவதுபோல் எதிர்க்கும். அதைத் தாண்டிய கணம் எதிர்ப்பு சட்டென்று விட்டுப்போய், உப்புநீர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இந்தப் பெண்ணுக்கு அது 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நடந்தது. ஊசி வழியாக நூல்போன்ற குழாயை விட்டு, ஊசியை உருவிவிட்டேன். தோலில் 9 சென்டிமீட்டர் குறி. அதாவது சந்துக்குள் 4 சென்டிமீட்டர் குழாய் கிடக்கிறது. முதுகில் ஊசி எதுவும் தங்குவதில்லை, தங்குவது இந்த மென்மையான குழாய்தான்.

குழாய் தவறி ரத்தக்குழாய்க்குள் போயிருக்கலாம், உறைக்குள்ளேயே போயிருக்கலாம். அதனால் முதலில் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் வெறும் 3 மில்லிதான். ரத்தத்துக்குள் போயிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் நாடி எகிறும். உறைக்குள் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் கால் கனக்கும். இரண்டும் இல்லை. பிறகு பியூபிவகெய்ன் 0.1 சதவீதக் கரைசல், மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்து, 12 மில்லி, மூன்று பங்காக.

இந்த அளவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 12 மில்லியில் பியூபிவகெய்ன் 12 மில்லிகிராம். ரத்தத்துக்குள் கசிவதிலும் பெரும்பகுதியைத் தாயின் புரதங்கள் பிடித்துவைத்துக்கொள்வதால் நச்சுக்கொடியைத் தாண்டுவது சொற்பம். ஃபென்டனில் 24 மைக்ரோகிராம். அதுவும் அபின் குடும்பம்தான், அதுவும் குழந்தையைச் சேரும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வலிமையில் 100 மில்லிகிராம் பெத்திடினில் கால் பங்குக்குள் அடங்கிவிடும். நார்பெத்திடின் மாதிரி நாள்கணக்கில் தங்கும் வாரிசும் அதற்குக் கிடையாது. இரவு முழுக்க நிறையக் கொடுத்தால் தாய்ப்பால் குடிப்பதைப் பாதிக்கலாம் என்று ஓர் ஆய்வு சந்தேகப்பட்டது, பின்னால் வந்த பெரிய ஆய்வு அப்படிக் காணவில்லை. நான் எப்படியும் மொத்தம் 150 மைக்ரோகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன்.

2.15-க்கு எதிர்பார்த்தது நடந்தது. 118/74 இருந்த ரத்த அழுத்தம் 92/50. குழந்தையின் துடிப்பு 140-லிருந்து 100-க்கு இறங்கியது. எபிடியூரல் குழந்தையைத் தொடும் வழி பெரும்பாலும் மருந்து அல்ல, இதுதான். வலி நரம்போடு சேர்ந்து ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் மரத்துவிடுவதால் தாயின் அழுத்தம் இறங்குகிறது. நச்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் அந்த அழுத்தத்தை நம்பியே இருக்கிறது. வலி திடீரென நின்றதும் அட்ரினலின் குறைந்து கர்ப்பப்பை சிறிது நேரம் அதிகமாக இறுகுவதும் உண்டு. இடதுபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தோம், சலைனை வேகப்படுத்தினோம், ஃபினைல்எஃப்ரின் 50 மைக்ரோகிராம் கொடுத்தேன். நான்கு நிமிடத்தில் சி.டி.ஜி. தாளில் கோடு மறுபடி 135-க்கு ஏறி நின்றது. இதனால்தான் முதல் அரைமணி நேரம் மயக்க மருத்துவர் கட்டிலைவிட்டு நகரக் கூடாது. யாரும் நிற்க முடியாத இடத்தில் எபிடியூரல் போடாமலிருப்பதே மேல். அதிகாலையில் ஒரே மயக்க மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும் மருத்துவமனைகளில் இந்த வசதி கிடைக்காததற்கு இதுவே காரணம், மருந்தின் விலை அல்ல.

2.25-க்கு ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் தொட்டு, "ஜில்லுன்னு இருக்கா?" என்றேன். தொப்புளுக்கு மேலே ஜில்லென்றது, கீழே வெறும் தொடுகைதான். காலை மடக்கச் சொன்னேன், மடக்கினாள். வலி நரம்பு இழைகள் மெல்லியவை, காலை இயக்கும் இழைகள் தடிமனானவை. கரைசல் நீர்த்து இருந்தால் மெல்லியவை மட்டும் மரக்கும். அவளுடைய அம்மா மகள் கையை விட்டுவிட்டு முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, கூட ஒருத்தர் விடாமல் இருப்பதன் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆய்வுகளில் அப்படித் துணை இருந்த பெண்களுக்கு வலி மருந்தும் சிசேரியனும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கின்றன. நடப்பது, வெந்நீர், இடுப்பை அழுத்திவிடுவது எல்லாம் குழந்தையை ஒன்றும் செய்யாது, ஆரம்பக் கட்டத்தைக் கடக்கப் பலருக்கு அதுவே போதும். இவள்கூட 3 சென்டிமீட்டர் வரை அப்படித்தான் வந்தாள்.

நாலரைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். வலது தொடை இடுக்கில் மட்டும் வலி. குழாயின் நுனி இடதுபக்கம் ஒதுங்கியிருந்தால் மருந்து ஒரு பக்கமே பரவும். குழாயை 1 சென்டிமீட்டர் வெளியே இழுத்து, 8-ல் ஒட்டி, வலதுபக்கம் படுக்கவைத்து, 5 மில்லி கூடுதலாகக் கொடுத்தேன். கால்மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சில சமயம் ஆகாது, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். சிறுநீர் முட்டுவது தெரியாது என்பதால் செவிலியர் நேரம் பார்த்துக் குழாய் விட்டு எடுத்தார்.

ஏழு மணிவாக்கில் வாய் முழுதும் திறந்தது. "இனி இவளுக்கு முக்கத் தெரியாது, ஆபரேஷன்தான்" என்று யாராவது சொல்லும் நேரம் இது. எபிடியூரல் போட்டால் சிசேரியன் கூடும் என்ற பேச்சு எங்கள் துறையிலேயே பல ஆண்டுகள் ஓடியது. 2005-ல் சிகாகோவில் 750 பெண்களை வைத்து சிந்தியா வாங் குழுவினர் செய்த ஆய்வு, 4 சென்டிமீட்டருக்கு முன்பே முதுகுவழி மருந்து கொடுக்கத் தொடங்கியவர்களில் 17.8 சதவீதத்தினருக்கும், முதலில் ஊசி மருந்து கொடுத்தவர்களில் 20.7 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனதாகக் காட்டியது. கூடவில்லை. ஏன் அப்படித் தோன்றியது என்றால், குழந்தை திரும்பிக் கிடந்து, மணிக்கணக்கில் நகராத பிரசவத்தில்தான் வலி தாங்காமல் எபிடியூரல் கேட்பார்கள். அந்தப் பிரசவம் ஏற்கெனவே சிசேரியனை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் பழியில் ஒரு பாதி உண்மை. முன்பு 0.25 சதவீதக் கரைசலைப் போடுவோம். கால் மரத்து, முக்கும் வலிமை குறைந்து, போர்செப்ஸ் தேடும் நிலை அடிக்கடி வந்தது. 2001-ல் வெளியான பிரிட்டனின் காமெட் ஆய்வில் பழைய கரைசல் போட்டவர்களில் 35 சதவீதத்தினருக்கே இயல்பான பிரசவம், நீர்த்த கரைசலில் 43 சதவீதம். நீர்த்த கரைசலிலும் பிரசவம் சற்று நீளும், அதை மறுக்க முடியாது. எனவே குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கும்வரை அவசரப்படாமல், தலை தானாக இறங்க ஒரு மணி நேரம் விடுவோம். எட்டேகாலுக்கு முக்க ஆரம்பித்தாள். அடிவயிறு இறுகுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. 9.05-க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ. ஆப்கர் ஒன்றாவது நிமிடம் 8, ஐந்தாவது நிமிடம் 9. அரைமணியில் மார்பைப் பற்றிக்கொண்டது.

இவளுக்கு வராத இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். எபிடியூரல் போட்ட ஐந்து பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் கிருமியால் அல்ல, ஆனால் கிருமியா இல்லையா என்று அந்த நேரத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பிறந்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை, சில சமயம் ஆன்டிபயாடிக் என்று அலைச்சல் வரும். இன்னொன்று, நூற்றில் ஒன்று என்ற கணக்கில், ஊசி ஒரு மில்லிமீட்டர் கூடப்போய் உறையைக் குத்திவிடுவது. எனக்கே நேர்ந்திருக்கிறது. சிரிஞ்சைக் கழற்றியதும் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மறுநாள் அந்தப் பெண்ணுக்குத் தலைவலி. படுத்தால் ஒன்றுமில்லை, பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் பிடரியிலிருந்து நெற்றிவரை பிளக்கும். படுத்தால் விட்டுப்போவதுதான் இந்தத் தலைவலியின் அடையாளம். மாத்திரைக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் அதே சந்துக்குள் விட்டேன். ரத்தம் உறைந்து ஓட்டையை அடைத்தது. அன்று மாலையே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

காலம் முழுக்க முதுகுவலி? போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் இல்லை. ஒன்பது மாதம் முன்னால் சுமந்து, தசைநார்கள் தளர்ந்து, பிறகு குனிந்து குனிந்து பிள்ளையைத் தூக்கும் முதுகு ஊசி போடாவிட்டாலும் வலிக்கும். ஊசி போட்ட இடத்தில் நாலைந்து நாள் தொட்டால் நோகும், அது உண்மை.

பத்தரைக்குக் குழாயை எடுக்கப் போனேன். அந்த அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, நான் மகளின் முதுகில் என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்த்தார். பிளாஸ்திரியை உரித்து, மெதுவாக இழுத்தேன், நூல்போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.

நுனியை வெளிச்சத்தில் பிடித்து, நீல முனை அறுபடாமல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு வந்தேன்.